கயிறு இழுக்கும் சாப்பருக்கு ஒரு நிமிடக் குரல்

"சந்தையில் ஸ்டால் போட்டு, கயிறு இழுத்துக் காய் நறுக்கும் சாப்பரை டெமோ காட்டப் போகிறோம். பின்னணியில் திரும்பத் திரும்ப ஓடுகிற மாதிரி ஒரு சின்ன வாய்ஸ் ஓவர் எழுதணும். நான் எழுதினால் ரேடியோ விளம்பரம் மாதிரியே வருது, நீளமாவும் இருக்கு. எப்படி எழுதறது?"

முதலில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு சாப்பரைக் கையில் எடுங்கள். டெமோவை ஒரு முறை பேசாமல் செய்து, அதை போனில் வீடியோ எடுங்கள். எழுத வேண்டிய வசனத்தின் நீளம், வரிசை, எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அந்த வீடியோவில்தான் இருக்கிறது. சமையலறைச் சாமான் டெமோக்களுக்குப் பல வருடங்களாக வசனம் எழுதுகிறேன், மேசைக்குப் பின்னால் நின்று காட்டியும் இருக்கிறேன். வசனத்தை முதலில் எழுதி, கையை அதற்கு இழுத்துக்கொண்டு போன ஒவ்வொரு முறையும் குரல் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்றுதான் ஆனது. குரல் "பாருங்க, எவ்வளவு பொடியா வந்திருக்கு" என்று சொல்லும்போது மூடி இன்னும் திறந்திருக்காது. பார்த்துக்கொண்டிருப்பவர் அந்த நொடியிலேயே நகர்ந்துவிடுவார்.

விளம்பரம் மாதிரி வருகிறது என்று சொன்னீர்கள் இல்லையா, அதற்குக் காரணம் இருக்கிறது. ரேடியோவில் கேட்பவருக்குப் பொருள் கண்ணில் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் சொல்லால் வரைந்து காட்ட வேண்டும். ஸ்டாலில் பொருள் கண் முன்னால் இருக்கிறது. அங்கே போய் "உங்கள் வேலையை எளிதாக்க வந்துவிட்டது, உயர்தர எஃகு பிளேடுகள் கொண்ட, மின்சாரம் தேவைப்படாத, எடை குறைந்த, கைக்கு அடக்கமான காய்கறி நறுக்கும் கருவி" என்று ஓடவிட்டால் என்ன ஆகும்? தமிழில் அடைமொழிகள் எல்லாம் முன்னால் வந்து, பொருளின் பெயர் கடைசியில்தான் வரும். சந்தையில் நடந்துபோகிறவர் நடுவில்தான் காது கொடுப்பார். "தேவைப்படாத, எடை குறைந்த" என்று எதைப் பற்றி என்று தெரியாமல் ஒரு துண்டு அவர் காதில் விழும். பெயர் வருவதற்குள் அவர் அடுத்த கடையில் இருப்பார்.

அதனால் முதல் விதி இது: ஒவ்வொரு வாக்கியமும் தனியாக நிற்க வேண்டும். திரும்பத் திரும்ப ஓடும் ஒலிக்கு ஆரம்பமும் கிடையாது, முடிவும் கிடையாது. எந்த இடத்தில் வந்து நின்றாலும், அடுத்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் விஷயம் புரிய வேண்டும். நான்கைந்து சொல்லில் முடிகிற வாக்கியங்கள் சந்தைச் சத்தத்தைத் தாண்டி வரும். எச்சத்தின் மேல் எச்சமாகக் கோத்து, பத்துப் பன்னிரண்டு சொல் தள்ளி வினைமுற்று வருகிற வாக்கியங்கள் அங்கே பாதியில் தொலைந்துவிடும். "முன்பு சொன்னது போல", "அதுமட்டுமல்லாமல்" போன்ற சொற்களை அடித்துவிடுங்கள். முன்பு சொன்னதை அவர் கேட்டிருக்கவே மாட்டார்.

இரண்டாவது விஷயம் இழுக்கும் சத்தம். கயிற்றை இழுக்கும்போது உள்ளே பிளேடு சுற்றி, காய் சுவரில் அடித்து, ஒரு கரகரப்பான சத்தம் வரும். அந்தச் சத்தத்தின் மேல் குரல் ஓடினால் இரண்டும் கெடும், சொல்லும் புரியாது, சத்தமும் வெறும் இரைச்சலாகிவிடும். நான் எழுதும் வசனத்தில் இழுக்கும் இடமெல்லாம் முழு மௌனம். அந்த மௌனத்தில்தான் தலைகள் திரும்புகின்றன. பேசிக்கொண்டே இருந்த குரல் நின்று, வேறொரு சத்தம் கேட்கும்போது, என்ன என்று பார்க்கத் தோன்றும். பின்னணி இசையும் இதே காரணத்துக்காக வேண்டாம். இசை அந்த மௌனத்தை நிரப்பிவிடும்.

மூன்றாவதாக, நேரத்தைச் சொல்லாதீர்கள், இழுப்பைச் சொல்லுங்கள். இதற்குக் கருவியின் அமைப்பே காரணம். மூடிக்குள் ஒரு சின்ன உருளையில் கயிறு சுற்றியிருக்கிறது. இழுத்தால் உருளை சுழன்று பிளேடைச் சுற்றும். விட்டால் உள்ளே இருக்கும் சுருள் ஸ்பிரிங் கயிற்றைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். கயிற்றின் நீளம் மாறாது என்பதால், முழுதாக இழுக்கும் ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடு ஏறக்குறைய ஒரே அளவு சுற்றுகள்தான் சுற்றும். ஆகவே "ஆறு இழுப்பு" என்பது உங்கள் கையிலும் வாங்குபவர் வீட்டிலும் கிட்டத்தட்ட ஒரே பலனைத் தரும். "அஞ்சே நொடி" அப்படி இல்லை. அது பழகிய கைக்கு உண்மை, பழகாத கைக்குப் பொய். அரை இழுப்பாக இழுப்பவருக்கு அதே எண்ணிக்கையில் துண்டு பெரிதாகவே நிற்கும். அதனால் மேசையில் நிற்பவர் ஒவ்வொரு முறையும் கயிற்றை முழு நீளத்துக்கு இழுத்துக் காட்ட வேண்டும்.

இனி ஒரு வசனத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். காய் வெங்காயம், கிண்ணம் நடுத்தர அளவு. வீடியோவில் என் கை எடுத்துக்கொண்ட நேரம் இப்படி: துண்டுகளைக் கிண்ணத்தில் போட 5 நொடி, மூடி போட்டுப் பிடிக்க 4 நொடி, ஆறு இழுப்புக்கு 7 நொடி, திறந்து சாய்த்துக் காட்ட 5 நொடி, மறுபடி மூட 4 நொடி, இன்னும் எட்டு இழுப்புக்கு 9 நொடி, தட்டில் கொட்ட 6 நொடி, பிளேடைத் தூக்கிக் காட்டி, மூடியைத் துடைத்துக் காட்ட 11 நொடி. கூட்டினால் 51. அடுத்த சுற்றுக்கு முன் ஒரு அழைப்பும் சிறு இடைவெளியுமாக 9 நொடி சேர்த்தால் சரியாக ஒரு நிமிடம். இதில் இழுக்கும் 16 நொடியும் கடைசி இடைவெளி 5 நொடியும் மௌனம். பேசக் கிடைப்பது 39 நொடிதான். நிதானமாக, தெளிவாகத் தமிழில் பேசினால் எனக்கு நிமிடத்துக்கு 100 சொல் வரை வரும். அப்படியென்றால் 65 சொல்தான் உச்சம். நான் 60-ஐத் தாண்டுவதில்லை, மூடி ஒரு நொடி சிக்கினால் சமாளிக்க இடம் வேண்டும்.

வசனம் இது. அடைப்புக்குள் இருப்பது கை செய்வது.

(துண்டுகள் கிண்ணத்தில் விழுகின்றன) "வெங்காயத்தை உரிச்சு, நாலா வெட்டிப் போடுங்க. பாதிக் கிண்ணம் போதும்." (மூடி) "மூடி போட்டு, ஒரு கையால அழுத்திப் பிடிங்க. இப்போ இழுங்க." (ஆறு இழுப்பு, குரல் இல்லை. திறந்து, கிண்ணத்தைப் பார்ப்பவர் பக்கம் சாய்த்து) "ஆறு இழுப்பு. கொஞ்சம் பெரிய துண்டு." (மூடிக்கொண்டே) "இன்னும் பொடியா வேணுமா? மறுபடி இழுங்க." (எட்டு இழுப்பு, குரல் இல்லை. தட்டில் கொட்டி) "மொத்தம் பதினாலு இழுப்பு. பொடிப்பொடியா வந்திருக்கு. கரண்ட் வேண்டாம்." (நடுத்தண்டைப் பிடித்து பிளேடைத் தூக்கி) "பிளேடு கூர்மை. நடுத்தண்டைப் பிடிச்சு எடுங்க. கிண்ணத்தையும் பிளேடையும் கழுவுங்க. மூடியைத் தண்ணியில முக்காதீங்க, துணியால துடைங்க." (கைப்பிடியைப் பார்ப்பவர் பக்கம் திருப்பி) "நீங்களே ஒரு தடவை இழுத்துப் பாருங்க." (5 நொடி மௌனம்)

இதில் தரம் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். "சூப்பர்", "அற்புதம்" எதுவும் இல்லை. தட்டில் விழுந்த வெங்காயம் அதைச் சொல்லிவிடும். எழுத்தில் பார்த்தால் வசனம் வறட்சியாகத்தான் தெரியும். கை அசையும்போது ஓடவிட்டுக் கேளுங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள். ஆறு, எட்டு என்ற எண்கள் நான் வைத்திருந்த மூன்று பிளேடு கருவிக்கானவை. உங்களுடையதில் ஐந்து பிளேடு இருந்தால் எண்ணிக்கை குறையும். ஒரே அளவு வெங்காயத்தை ஐந்து முறை நறுக்கிப் பார்த்து, ஐந்திலும் ஒத்துவரும் எண்ணைப் போடுங்கள்.

"பாதிக் கிண்ணம் போதும்" என்ற வரியைப் பலர் வெட்டச் சொல்வார்கள், கிண்ணம் சின்னது என்று காட்டிக்கொடுக்கிறதாம். வெட்டாதீர்கள். பிளேடு நடுத்தண்டில் கீழும் மேலுமாக அமைந்திருக்கிறது, துண்டுகள் எகிறித் திரும்ப அதன் மேல் விழ இடம் வேண்டும். முட்ட நிரப்பினால் அடியில் இருப்பது கூழாகும், மேலே இருப்பது வெட்டுப்படாமல் அப்படியே கிடக்கும். வாங்கிப்போனவர் முதல் நாளே அப்படி நிரப்பிவிட்டு, "கடையில் காட்டினது ஒண்ணு, வீட்டில் வர்றது ஒண்ணு" என்று திரும்பி வருவார். எனக்கு இது நடந்திருக்கிறது. ஆரம்பத்தில் நான் எழுதிய வசனம் ஒன்றில் அந்த வரி இல்லை. திரும்பி வந்த கருவிகள் எல்லாம் நல்லபடியாகவே வேலை செய்தன, அளவுதான் தவறு. வரியைச் சேர்த்த பிறகு அந்தப் புகார் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. மூடியை முக்காதீர்கள் என்ற வரியும் இதே ஜாதி. கயிறு போகும் ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் கயிறு ஈரமாகவே கிடக்கும், ஸ்பிரிங் துருப்பிடிக்கும், பிறகு கயிறு திரும்பிச் சுருளாமல் வெளியே தொங்கும். மூடியையும் கழுவலாம் என்று உங்கள் கருவியின் கையேட்டில் இருந்தால் மட்டும் இந்த வரியை மாற்றுங்கள்.

வெங்காயம் என்றதும் எல்லோருக்கும் "கண்ணீரே வராது" என்று எழுதக் கை துடிக்கும். இதில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் சிக்கல். வெங்காயத்தின் செல்கள் வெட்டுப்படும்போது ஒரு நொதி வேலை செய்து, கண்ணை எரிக்கும் வாயு உண்டாகிறது. மூடிய கிண்ணத்துக்குள் வெட்டும்போது அந்த வாயு முகத்துக்கு வருவதில்லை, அது உண்மை. ஆனால் உரிப்பதும் நாலாக வெட்டுவதும் வெளியேதான் நடக்கிறது. உள்ளே தங்கிய வாயு மூடியைத் திறக்கும்போது மொத்தமாக மேலே வரும். அந்த நேரத்தில் குனிந்து பார்ப்பவர் உங்கள் வாடிக்கையாளர்தான்! குரல் "கண்ணீர் வராது" என்று சொல்லிக்கொண்டிருக்க, அவர் கண்ணைத் துடைத்தால் ஸ்டாலில் மீதி எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். சொல்லியே ஆக வேண்டும் என்றால் "நறுக்கும்போது கண் எரியறது குறையும்" என்று எழுதுங்கள். திறந்தவுடன் கிண்ணத்தை ஒரு கணம் உங்கள் பக்கம் வைத்திருந்து, பிறகு சாய்த்துக் காட்டுங்கள்.

"எல்லாக் காயும் நறுக்கும்" என்பதும் வேண்டாம். பழுத்த தக்காளி இதில் துண்டாக நிற்காது, நீர் விட்டு மசிந்துவிடும். கீரை ஈரமாக இருந்தால் சுவரில் ஒட்டிக்கொண்டு பிளேடில் மாட்டாது. கேரட்டை இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டாக்கிப் போட்டால் நன்றாக வரும், பெரிய துண்டாகப் போட்டால் பிளேடுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கும். சிக்கியதும் கயிறு கல் மாதிரி இறுகும். அப்போது இன்னும் பலமாக இழுத்தால் கயிறு அறும். அந்த இறுக்கம் தெரிந்த உடனே கையை விட்டு, திறந்து, துண்டை நகர்த்த வேண்டும். இதையெல்லாம் குரலில் ஏற்றினால் ஒரு நிமிடம் போதாது. குரல் ஒரு காயை மட்டும் காட்டட்டும். மற்ற காய்களைப் பற்றிக் கேட்டால் நிற்பவர் வாயால் பதில் சொல்லட்டும். கேள்வி கேட்க ஆரம்பித்தவரிடம் ரெக்கார்டிங் பேசுவதை விட மனிதர் பேசுவதுதான் நல்லது, அந்த நேரம் ஒலியை நிறுத்திவிடுங்கள்.

குரலும் கையும் ஒத்துப்போவதுதான் நடைமுறையில் பெரிய தொல்லை. ஒரே நிமிட ஒலியை லூப்பில் போட்டால், மேசையில் இருப்பவர் இரண்டு நொடி தாமதமானாலும் அடுத்த சுற்று முழுவதும் தப்பும். நான் கண்ட வழி, ஒலியை மூன்று கோப்பாக வெட்டுவது. "இப்போ இழுங்க" வரை ஒன்று, "ஆறு இழுப்பு" முதல் "மறுபடி இழுங்க" வரை ஒன்று, மீதி ஒன்று. இழுத்து முடித்ததும் போனில் ஒரு தட்டு, அடுத்த கோப்பு ஓடும். இழுக்கும் மௌனத்துக்கு ஒலியில் நேரமே ஒதுக்க வேண்டாம், கை முடிக்கும்வரை மௌனம் நீளும். கை ஈரமாக இருக்கும் என்பதால் போனைத் தட்ட இன்னொருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. தனியாக நிற்பவர் என்றால் லூப்பிலேயே விட்டு, "இப்போ இழுங்க" என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ளப் பழகட்டும். அந்தச் சொல் வரும்போது கை தயாராக இல்லையென்றால் அந்தச் சுற்றை விட்டுவிட்டு, அடுத்ததில் சேர்ந்துகொள்ளலாம். பாதியில் துரத்திப் பிடிக்கப் பார்த்தால்தான் அலங்கோலம்.

ரெக்கார்டிங் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எதிரொலி இல்லாத அறை, மைக்குக்கு ஒரு சாண் தூரம், விளம்பரக் குரல் இல்லாமல் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்கிற குரல். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: வீட்டில் ஹெட்போனில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஸ்டாலில் வைக்கப் போகும் அதே ஸ்பீக்கரில், வாகன இரைச்சல் உள்ள இடத்தில், நாலைந்து அடி தள்ளி நின்று கேளுங்கள். சின்ன ஸ்பீக்கரில் குரலின் அடித்தொனி வராது, மெய்யெழுத்துகளின் தெளிவுதான் காப்பாற்றும். வாக்கிய முடிவில் குரலை இறக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. தமிழில் வினைச்சொல் அந்த முடிவில்தான் இருக்கிறது. "முக்காதீங்க" என்பதில் "முக்கா" மட்டும் கேட்டால் பாதிப் பேருக்குச் சொன்னதே தலைகீழாகிவிடும். கடைசிச் சொல்லைக் கொஞ்சம் தூக்கியே சொல்லுங்கள்.

ஸ்டாலில் முதல் ஒரு மணி நேரம் வசனத்தைச் சோதிக்கும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பவர்கள் கேட்கும் கேள்விகளை ஒரு தாளில் குறியுங்கள். வசனத்தில் ஏற்கெனவே பதில் உள்ள கேள்வி மூன்று நான்கு முறை வந்தால், அந்த வரி காதில் விழவில்லை என்று அர்த்தம், சொல்லையோ இடத்தையோ மாற்றுங்கள். வசனத்தில் இல்லாத ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால், வேறொரு வரியை எடுத்துவிட்டு அதைச் சேருங்கள். நான் முதலில் எடுப்பது "கரண்ட் வேண்டாம்" என்ற வரியைத்தான், கயிற்றைப் பார்த்தவருக்கு அது தெரிந்துவிடுகிறது. பிளேடு கூர்மை என்ற வரியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் எடுக்காதீர்கள். மேசைப் பக்கம் குழந்தைகள் கை நீட்டுவார்கள்.

கடைசியாக, கருவியையும் கவனித்துக்கொள்ளுங்கள், வசனம் சொல்வதை அது காட்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் கிண்ணத்தை உலரத் துடையுங்கள். ஈரம் தேங்கினால் அடுத்த வெங்காயம் சுவரில் ஒட்டி, அதே பதினாலு இழுப்பில் கூழ் மாதிரி தெரியும். நாள் முழுதும் ஒரே பிளேடில் காட்டினால் மாலைக்குள் கூர் மழுங்க ஆரம்பிக்கலாம். துண்டின் ஓரம் நேராக இல்லாமல் நசுங்கி, தட்டில் நீர் விடும், அதுதான் அடையாளம். மாற்றுக் கருவி ஒன்றை மேசைக்கு அடியில் வைத்திருந்து, அந்த நீரைப் பார்த்ததும் மாற்றிவிடுங்கள்.